எழுத்து சீராக அமையாத குழந்தை: வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு

சில குழந்தைகள் தெளிவாகப் பேசுவார்கள், கேட்ட கதையைத் திரும்பச் சொல்வார்கள், வாய்ப்பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடக்கும். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாது. தண்ணீர் தம்ளர் கையிலிருந்து நழுவும். நடக்கும்போது கதவு நிலையில் இடித்துக்கொள்வார்கள். இத்தகைய குழந்தையைச் "சோம்பேறி" என்றும் "கவனமில்லாதவன்" என்றும் சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. பல நேரங்களில் இதற்குக் காரணம் வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்னும் நிலையாகும். டிஸ்பிராக்ஸியா என்ற பெயராலும் இது குறிப்பிடப்படுகிறது.

பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 40 பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்று கொள்ளலாம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் கண்டறியப்படுகிறது. குறைமாதத்தில் அல்லது குறைந்த எடையுடன் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

இக்குழந்தைகளின் தசைகளில் வலுக்குறைவு இல்லை. அறிவுத்திறனிலும் குறைவு இல்லை. ஓர் அசைவைத் திட்டமிட்டு, அதைச் செய்து, செய்ததில் நேர்ந்த பிழையை அடுத்த முறை திருத்திக்கொள்ளும் கற்றல் மூளையில் மெதுவாக நடைபெறுகிறது. மற்றக் குழந்தைகள் சில நாள்களில் பழகி, பின்னர் எண்ணிப் பார்க்காமலே செய்யும் வேலையை, இவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்பவரைப் போல எண்ணி எண்ணிச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவேதான் இவர்கள் விரைவில் களைத்துப்போகிறார்கள். நேற்று சரியாக வந்தது இன்று வராமல் போவதும் இதனாலேயே. "நேற்று நன்றாக எழுதினாயே, இன்று ஏன் இப்படி?" என்ற கேள்விக்குக் குழந்தையிடம் விடை இருக்காது.

எழுதுவதில் ஏன் இவ்வளவு துன்பம்?

தமிழ் எழுத்துகளில் வளைவும் சுழியும் மிகுதி. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று நாம் சொல்லிக் கொடுக்கும்போது, குழந்தையின் கை எந்தச் சுழியில் நிற்க வேண்டும் என்பதை எண்ணிக்கொண்டே நகர வேண்டும். "கொ" என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது ககரம். கையோ கொம்பை முதலில் எழுதி, பிறகு ககரத்தை எழுதி, அதன்பின் காலைச் சேர்க்க வேண்டும். ஒலிக்கும் வரிசை ஒன்று, எழுதும் வரிசை வேறொன்று. கு, சு, து, ரு ஆகியவற்றில் உகரக் குறி ஒரே வடிவில் அமைவதும் இல்லை. இயக்க ஒருங்கிணைப்பில் இடர்ப்பாடு உள்ள குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் தனிப் பாடம். இதனுடன் நான்கு கோடு நோட்டில் ஆங்கில எழுத்துகளையும் அதே ஆண்டில் கற்க வேண்டியுள்ளது.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். குழந்தை படித்த பாடத்திலிருந்து மூன்று கேள்விகளை வாய்மொழியாகக் கேளுங்கள். மறுநாள் அதே அளவு கடினமான வேறு மூன்று கேள்விகளுக்கு எழுதி விடையளிக்கச் சொல்லுங்கள். வாயால் ஐந்து வரி சொன்ன குழந்தை தாளில் ஒன்றரை வரியுடன் நிறுத்திவிட்டால், பாடம் தெரிந்திருக்கிறது, அதைத் தாளில் இறக்கும் வழியில்தான் தடை உள்ளது என்று கருதலாம். முதல் வரியின் எழுத்தையும் கடைசி வரியின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பென்சிலை எவ்வளவு அழுத்துகிறான், பின்பக்கத்தில் தடம் விழுகிறதா, கையை அடிக்கடி உதறுகிறானா என்பதையும் கவனியுங்கள். இது நோயறியும் சோதனை அன்று. மருத்துவரிடம் சொல்வதற்கு இக்குறிப்புகள் பெரிதும் உதவும்.

உடனடியாக மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகள்

இக்குறைபாட்டில் ஒரு முக்கிய அடையாளம் உண்டு. அது சிறு வயதிலிருந்தே இருக்கும். மெல்ல மெல்லச் சற்றுத் தேறுமே தவிர, நாளுக்கு நாள் மோசமாகாது. ஆகவே, முன்பு நன்றாக எழுதிய குழந்தையின் கையெழுத்து சில வாரங்களில் கெட்டுப்போனால், அதனை இக்கட்டுரை கூறும் குறைபாடாகக் கருதிக் காத்திருக்கக் கூடாது.

தொண்டை வலி வந்து சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ பின், கை தானாகத் துள்ளுதல், முகத்தைச் சுளித்தல், பொருள்களைக் கீழே போடுதல், காரணமின்றி அழுதல் ஆகியவை தோன்றினால் அது வாதக் காய்ச்சலைச் சார்ந்த கொரியா என்னும் நோயாக இருக்கலாம். அதில் இதய வால்வுகளும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இதயப் பரிசோதனை கட்டாயம் தேவை. தரையிலிருந்து எழும்போது தொடைகளில் கையூன்றி எழும் சிறுவனுக்கும், மாடிப்படி ஏற முடியாமல் போகும் சிறுவனுக்கும் தசைநோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். காலைத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடலின் ஒரு பக்கம் மட்டும் தடுமாறினாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு குழந்தையின் நிலை

கீழே உள்ளது பல குழந்தைகளின் நிலையைச் சேர்த்து எழுதப்பட்ட எடுத்துக்காட்டு. குறிப்பிட்ட எந்தக் குழந்தையையும் இது சுட்டவில்லை.

திருநின்றவூரில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் எட்டு வயதுச் சிறுவன். தந்தை கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் பணிபுரிகிறார். தாய்தான் பாடம் சொல்லிக் கொடுப்பவர். எட்டு மாதம் நிறைவதற்குள் பிறந்தவன், எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பேச்சு உரிய காலத்தில் வந்தது. நடை சிறிது தாமதம். சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து உண்ணும்போது பாதி தட்டுக்கு வெளியே போகும். தம்பி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டான், இவனுக்கு வரவில்லை. நோட்டில் ஆசிரியை சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று பலமுறை எழுதியிருந்தார். ஆகவே தாய் ஒவ்வோர் இரவும் நான்கு பக்கம் பார்த்து எழுதச் செய்தார். மூன்று மாதங்களில் எழுத்து மாறவில்லை. திங்கட்கிழமைதோறும் வயிற்று வலி மட்டும் தொடங்கியது.

தாயின் நோக்கத்தில் தவறில்லை. நான்கு பக்கமும் எழுதி முடிப்பதற்குள் கை களைத்து, ஒவ்வோர் எழுத்தும் தவறான வடிவத்திலேயே மீண்டும் மீண்டும் பழகிப்போனது. பள்ளிகளில் தரப்படும் இம்போசிஷனுக்கும் இது பொருந்தும். நூறு முறை தவறாக எழுதிய எழுத்து நூற்றோராவது முறையும் தவறாகவே வரும்.

ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. 2013 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டம் பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கிறது. அக்குழுவிடம் தாய் தம் கவலையைக் கூறினார். குழு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு அளித்தது. குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டியும், நேரடியாக அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்குச் சென்றும் தொடங்கலாம்.

பரிசோதனையில் மருத்துவர் முதலில் பார்த்தது கையெழுத்தை அன்று. கண் பார்வை, தசை வலு, தசை இறுக்கம், அனிச்சைச் செயல்கள், நடை, தரையிலிருந்து எழும் விதம் ஆகியவற்றைப் பார்த்தார். இவை சரியாக இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். பிறகு தாயிடம் அன்றாடச் செயல்கள் குறித்த கேள்விப் பட்டியல் நிரப்பப்பட்டது. பந்தைப் பிடிப்பது, கத்தரிக்கோலால் வெட்டுவது, ஷூ மாட்டுவது, எழுதும் வேகம் ஆகியவை குறித்து, அதே வயதுள்ள பிற குழந்தைகளுடன் ஒப்பிட்டு விடை கூற வேண்டும். அதன்பின் தொழில்வழிச் சிகிச்சையாளர் விரல் நுணுக்கம், பந்தெறிந்து பிடித்தல், சமநிலை ஆகிய மூன்று பகுதிகள் கொண்ட தரப்படுத்தப்பட்ட இயக்கத் தேர்வை நடத்தினார். விரல் நுணுக்கத்திலும் பந்து பிடித்தலிலும் அதே வயதுடைய நூறு குழந்தைகளில் கடைசி ஐவரின் நிலையில் சிறுவன் இருந்தான். சமநிலை ஓரளவு சரியாக இருந்தது. அறிவுத்திறன் இயல்பாக இருந்தது.

தேர்வின் மதிப்பெண் மட்டும் நோயை உறுதிப்படுத்துவதில்லை. திறன் வயதுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அக்குறைவு அன்றாட வாழ்வையோ படிப்பையோ பாதிக்க வேண்டும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பார்வைக் குறைவு, அறிவுத்திறன் குறைபாடு, நரம்பு நோய் ஆகியவற்றால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். இந்நான்கும் பொருந்தினால்தான் இப்பெயர் சூட்டப்படுகிறது. வளர்ச்சியின் வேகம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவதால் பொதுவாக ஐந்து வயதுக்கு முன் இம்முடிவுக்கு வருவதில்லை. கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு இக்குழந்தைகளில் பலருக்குச் சேர்ந்தே காணப்படுவதால் அதையும் பார்த்துவிடுவது நலம்.

சிகிச்சை எப்படி நடைபெறுகிறது?

இதற்கென மாத்திரையோ சிரப்போ கிடையாது. நினைவாற்றலைக் கூட்டும் டானிக் என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம். பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவந்திருப்பது, குழந்தை கற்க விரும்பும் செயலையே நேரடியாகப் பயிற்றுவிக்கும் முறையாகும். பொதுவான கை வலுப் பயிற்சிகளை மட்டும் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் கை வலுப்பெறலாம், எழுத்து அப்படியே இருக்கும்.

கனடாவில் உருவாக்கப்பட்ட ஒரு பயிற்சி முறையில் நான்கு படிகள் உள்ளன: குறிக்கோள், திட்டம், செய், சரிபார். இதன் சிறப்பு, திட்டத்தைக் குழந்தையே கண்டுபிடிப்பதில் உள்ளது. மேற்கண்ட சிறுவன் மூன்று குறிக்கோள்களைத் தேர்ந்தெடுத்தான்: சட்டைப் பொத்தான், சைக்கிள், ஆசிரியை படிக்கும்படி எழுதுதல். எழுத்தை மூன்றாவதாகத்தான் சொன்னான் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். சைக்கிள் அவனுக்கு அதைவிடப் பெரிது.

எழுத்துப் பயிற்சி இப்படி நடந்தது. "கொக்கு" என்று எழுதச் சொன்னார்கள். எழுதியதைப் பார்த்துச் சிகிச்சையாளர், "இதில் எந்த எழுத்து காற்றில் தொங்குகிறது?" என்று மட்டும் கேட்டார். சிறுவனே உற்றுப் பார்த்து, ககரம் கோட்டைத் தொடவில்லை என்றான். "அப்படியானால் என்ன செய்யலாம்?" "எல்லா எழுத்தும் தரையில நிக்கணும்." அதுவே அவனுடைய திட்டமாயிற்று. ஒரே ஒரு வரி எழுதினான். பிறகு தரையில் நின்ற எழுத்துகளுக்கு மட்டும் தானே வட்டமிட்டு எண்ணினான். முதல் நாள் 20 எழுத்துகளில் 8 நின்றன. பிழைகளை யாரும் சிவப்பில் அடிக்கவில்லை. அடுத்த வாரம் சொற்களுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி விடும் திட்டம் சேர்ந்தது. ஒரு நேரத்தில் ஒரே திட்டம், நாளுக்குப் பத்து நிமிடம், அவ்வளவே.

பத்து வாரங்களுக்குப் பின் எழுத்து படிக்கத்தக்கதாயிற்று. அழகாகவில்லை. வேகமும் கூடவில்லை. இதையும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. இக்குறைபாடு உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வளரிளம் பருவத்திலும் ஏதேனும் ஒரு வகையில் தடுமாற்றம் தொடர்கிறது. பயிற்சியின் நோக்கம் தேவையான செயலைச் செய்ய வைப்பதே ஆகும்.

வீட்டில் செய்யக்கூடிய சில மாற்றங்கள் எளியவை. நாற்காலியில் அமர்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். எட்டாவிட்டால் காலடியில் ஒரு மணைப் பலகை போடுங்கள். தரையில் அமர்ந்து, தொடைமேல் நோட்டை வைத்துக் குனிந்து எழுதும் பழக்கம் இக்குழந்தைகளுக்கு மிகக் கடினம். பழைய கடைகளில் கணக்கு எழுதப் பயன்பட்ட சாய்வு மேசை இன்னும் வீட்டில் இருந்தால் அதை எடுத்துக்கொடுங்கள். அழுத்தி எழுதும் குழந்தைக்கு மென்மையான 2B பென்சில் உதவும். பென்சிலை மூன்று விரல்களால்தான் பிடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். நான்கு விரல் பிடியிலும் குழந்தைகள் இணையான அளவு நன்றாக எழுதுகிறார்கள்.

குழந்தையின் மனத்தில் நிகழ்வது

எழுத்தைவிட ஆழமாகப் பாதிப்பது இப்பகுதியே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரக் குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏழு வயதில் இயக்கத் தடுமாற்றம் இருந்தவர்களிடம் பின்னர் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. கேலிக்கு ஆளாவது, தன்மதிப்புக் குறைவது போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பு குறைந்தது. அதாவது, துன்பத்தின் ஒரு பகுதி தடுமாற்றத்திலிருந்து நேரடியாக வருவதன்று. சுற்றியிருப்போர் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதன் வழியாக வருகிறது. அந்தப் பகுதி நம் கையில் உள்ளது.

குழந்தை "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று சொல்லாது. விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் வயிற்று வலி என்னும். நோட்டைக் கிழிக்கும், அல்லது வீட்டுப்பாடம் இல்லை என்று பொய் சொல்லும். சில குழந்தைகள் வேண்டுமென்றே விழுந்து வகுப்பைச் சிரிக்க வைப்பார்கள். தெரியாமல் விழுந்து கேலிக்கு ஆளாவதைவிடத் தானே கோமாளியாவது அவர்களுக்குக் கௌரவமாகத் தோன்றுகிறது. இத்தகைய குறும்பை ஒழுங்கின்மை என்று தண்டித்தால் நிலை மோசமாகும்.

குழந்தையிடம் நிலையைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். "உன் கைக்குப் புதுசா ஒன்னு கத்துக்க மத்தவங்களவிட அதிக நாள் ஆகும். நீ சோம்பேறி இல்ல. எப்படிக் கத்துக்கிறதுன்னு சேர்ந்து பாக்கலாம்" என்பது எட்டு வயதுக்குப் போதும். பெயர் தெரியாதபோது குழந்தை தனக்குத்தானே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது, அது பெரும்பாலும் "மக்கு" என்பதாகவே இருக்கும். தம்பியுடனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையுடனோ ஒப்பிடுவதை அன்றோடு நிறுத்துங்கள். பந்து எங்கிருந்து வரும் என்று தெரியாத கிரிக்கெட்டைவிட நீச்சல், நடை, சைக்கிள் போன்று தன் வேகத்தில் செய்யத்தக்கவை இவர்களுக்கு எளிதில் வசப்படும். விளையாட்டை முற்றிலும் கைவிட்டால் உடல் எடை கூடி, நண்பர்களும் குறைவார்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, உணவு வெறுப்பு, பள்ளி செல்ல மறுத்தல் ஆகியவை நீடித்தால் மனநல ஆலோசனை தேவை. 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் சேவை எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பது போன்ற சொற்களைக் குழந்தை கூறினால் விளையாட்டாகக் கொள்ளாமல், தனியே விடாமல், அன்றே உதவி நாடுங்கள்.

பள்ளியும் சான்றிதழும்

ஆசிரியரிடம் மருத்துவ அறிக்கையின் நகலைக் கொடுத்து, குறிப்பான வேண்டுகோள்களை முன்வையுங்கள். கரும்பலகையிலிருந்து முழுவதையும் எழுதச் சொல்லாமல் முக்கிய வரிகளை மட்டும் எழுதச் சொல்லலாம். சில விடைகளை வாய்மொழியாகக் கேட்கலாம். தேர்வில் எழுத்தின் அழகுக்கும் விடையின் பொருளுக்கும் தனித்தனியே மதிப்பிடலாம். எழுத்துக்காக அடிப்பதும் அவமானப்படுத்துவதும் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவால் தடை செய்யப்பட்டவை என்பதைப் பணிவுடன் நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்னும் வகைக்குள் டிஸ்கிராஃபியா, டிஸ்பிராக்ஸியா ஆகிய இரண்டும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டுள்ளன. எனினும் அவ்வகைச் சான்றிதழுக்கான மதிப்பீடு பெரும்பாலும் படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றைச் சோதிப்பது. எழுத்தில் தெளிவான பாதிப்பு உள்ள குழந்தைக்கு இது பயன்படும். பொத்தானும் பந்தும் மட்டுமே சிக்கலாக உள்ள குழந்தைக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். ஆகவே மதிப்பீட்டுக்குச் செல்லும்போது சென்ற ஆண்டு நோட்டு, இந்த ஆண்டு நோட்டு, விடைத்தாள்கள், ஆசிரியரின் குறிப்பு, பிறப்பு விவரச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நன்றாக எழுதிய பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டாம். சான்றிதழ் பெற்றவர்களுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. சிபிஎஸ்இ தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாக வழங்கப்படுகிறது. மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்தபின் தொடங்கினால் மதிப்பீட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் நேரம் போதாமல் போவதுண்டு. எட்டாம் வகுப்புக்குள் தொடங்கிவிடுங்கள்.